மஞ்சள் பாக்கெட்டுக்கு வெள்ளைப் பின்னணி: இணையச் சந்தையில் படம் நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 11 பேர் சேர்ந்து, சொந்த வயலில் விளைந்த மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, அரைத்து, 200 கிராம் பாக்கெட்டாக விற்கிறோம். உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி. எண் எல்லாம் எடுத்து இணையச் சந்தையில் பதிவும் செய்துவிட்டோம். ஆனால் படம் விதிக்கு உட்பட்டதாக இல்லை என்று இரண்டு முறை தகவல் வந்தது. இப்போது தேடினால் எங்கள் பொருளே வருவதில்லை. ஸ்டுடியோக்காரரை வைத்து, செலவு செய்து எடுத்த படம் அது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எங்கே தவறு? படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறோம்.
- வாசகி ஒருவர், பவானி வட்டம்

பதில்: படத்தைப் பார்த்தேன் அம்மா. கல்யாணப் பத்திரிகைக்கோ நாள்காட்டிக்கோ போட்டால் நன்றாக இருக்கும். பித்தளைத் தாம்பாளம், அதில் வெற்றிலை, சுற்றிலும் மஞ்சள் கொம்பு, பின்னால் சிவப்புப் பட்டு, நடுவில் உங்கள் பாக்கெட். வலது மேல் மூலையில் ‘100% ஆர்கானிக்’ என்று தங்க நிற முத்திரை. இடது பக்கம் ‘20% தள்ளுபடி’. அடியில் குழுவின் செல்பேசி எண். இணையச் சந்தையின் முதல் படத்துக்கு இவற்றில் பாக்கெட்டைத் தவிர எதுவுமே ஆகாது. ஸ்டுடியோக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு விளம்பரப் படம் என்று சொல்லியிருப்பீர்கள். அவர் எடுத்துக் கொடுத்ததும் விளம்பரப் படம்தான்.

முதல் படம் என்பது, தேடும்போது வரிசையாக வரும் சிறு படம். ஆங்கிலத்தில் ‘மெயின் இமேஜ்’ என்பார்கள். அதற்கான விதி ஏறக்குறைய எல்லாச் சந்தைகளிலும் ஒரே போக்கில்தான் இருக்கிறது. அமேசானின் விதியை எடுத்துக்கொள்வோம். மற்றவற்றைவிட அது கண்டிப்பானது. அதற்கு ஏற்றபடி எடுத்த படம் பெரும்பாலும் மற்ற இடங்களிலும் செல்லும். பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். படத்தின் பரப்பில் 85 சதவீதத்தைப் பொருள் நிறைக்க வேண்டும். வாங்குபவருக்கு உண்மையில் வந்து சேரும் பொருள் மட்டுமே தெரிய வேண்டும். எழுத்து, லோகோ, கரைக்கட்டு, வாட்டர்மார்க் என்று எதையும் படத்தின் மேல் ஒட்டக்கூடாது. பொருளின் நிஜப் புகைப்படமாக இருக்க வேண்டும். டிசைனர் கணினியில் செய்து தரும் மாதிரிப் பாக்கெட் படம் ஆகாது.

இதற்குக் காரணம் இருக்கிறது. தாம்பாளத்தோடு படம் போட்டால், தாம்பாளமும் சேர்ந்து வருமா என்று நினைப்பவர் உண்டு. வரவில்லை என்று பணத்தைத் திருப்பிக் கேட்பவரும் உண்டு. மஞ்சள் கொம்பு படத்தில் இருந்தால், வருவது கொம்பா தூளா என்ற குழப்பம் வேறு. சந்தையின் பக்கமும் வெள்ளை நிறம்தான். படத்தின் பின்னணியும் வெள்ளையாக இருந்தால், இருபது கடைக்காரர்களின் பொருள்கள் ஒரே அலமாரியில் அடுக்கியதுபோல் தெரியும். அதில் ஒருவர் மட்டும் சிவப்புப் பட்டோடு வந்தால் அந்த வரிசை கெட்டுவிடும்.

முத்திரை எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது?

இதில்தான் பலருக்குக் குழப்பம். பாக்கெட்டின் மேல் அச்சாகியிருப்பது வேறு, படத்தின் மேல் ஒட்டியது வேறு. உங்கள் பாக்கெட்டில் குழுவின் லோகோ, சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி, 14 இலக்க உரிம எண் எல்லாம் அச்சாகியிருக்கின்றன. அவை பொருளின் பகுதி. படத்தில் தெரிந்தால் தவறில்லை, தெரியத்தான் வேண்டும். ஆனால் பாக்கெட்டில் இல்லாத தங்க முத்திரையைக் கணினியில் வரைந்து மூலையில் வைத்தால், அது ஒட்டுவேலை. விதியில் விலக்கப்பட்டது அதுதான்.

அப்படியானால் அந்த ‘100% ஆர்கானிக்’ முத்திரையைப் பாக்கெட்டிலேயே அச்சடித்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். உங்கள் வயல்களுக்கு இயற்கை வேளாண்மைச் சான்று இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. இந்தியாவில் ஒரு உணவுப் பொருளை ‘ஆர்கானிக்’ என்று விற்க, 2017-ஆம் ஆண்டின் இயற்கை உணவு விதிமுறைகளின்படி என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். இந்தியா சான்று வேண்டும். அந்தச் சான்று உள்ளவர்தான் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் போடலாம். சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்பதில் சில விலக்குகள் இருந்தாலும், அந்த விலக்கில் இருப்பவருக்கும் முத்திரை போடும் உரிமை கிடையாது. ‘100%’ என்ற சொல்லும் சிக்கலானது. உணவுப் பொருள்களின் லேபிளிலும் விளம்பரத்திலும் அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது. ஆக, அந்தத் தங்க முத்திரை சந்தையின் விதிக்கும் ஆகவில்லை, சட்டத்துக்கும் ஆகவில்லை. எடுத்துவிடுங்கள்.

தள்ளுபடியைச் சொல்ல விலைக்கட்டத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் விற்பனை விலையைக் குறைத்தால், எத்தனை சதவீதம் குறைவு என்று சந்தையே கணக்கிட்டுக் காட்டிவிடும். செல்பேசி எண்ணைப் படத்தில் போடுவதை, வாடிக்கையாளரைச் சந்தைக்கு வெளியே இழுக்கும் முயற்சியாகவே பார்ப்பார்கள். அதுவும் வேண்டாம்.

வீட்டிலேயே எடுக்கலாம்

மறுபடி ஸ்டுடியோவுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு ஜன்னல், இரண்டு முழு அளவு வெள்ளை சார்ட் பேப்பர், இரண்டு தெர்மாகோல் அட்டை, ஒரு வெளுத்த வெள்ளை வேட்டி, குழுவில் யாரிடமாவது உள்ள ஓரளவு நல்ல செல்பேசி. இவ்வளவு போதும்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசையைப் போடுங்கள். நேர் வெயில் விழாத ஜன்னலாக இருக்கட்டும். வெயில் விழுந்தால் வேட்டியை ஜன்னலில் கட்டிவிடுங்கள், வெளிச்சம் மிருதுவாகிவிடும். காலை 10 மணியிலிருந்து 3 மணிக்குள் எடுப்பது நல்லது. அறையில் உள்ள டியூப்லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இதை மறக்கவே கூடாது. பகல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், பல்புக்கு ஒரு நிறம். இரண்டும் கலந்தால் வெள்ளைத் தாளின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும். அதைப் பிறகு எந்தச் செயலியாலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது.

சார்ட் பேப்பரின் மேல் விளிம்பைச் சுவரில் ஒட்டி, கீழ்ப் பகுதி மேசை மேல் வளைந்து படுக்கும்படி விடுங்கள். மடிக்கக்கூடாது. மடித்தால் அந்த மடிப்பு படத்தில் கோடாக விழும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். ஜன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பிப் பாக்கெட்டின் இருண்ட பக்கத்தில் விழும், நிழல் மெலியும். இன்னொரு அட்டையைச் செல்பேசிக்குக் கீழே மேசை மேல் படுக்கவைத்தால், பாக்கெட்டின் அடிப்பகுதி நிழலும் குறையும்.

பாக்கெட்டைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தாள் இடம் கொடுக்கும் அளவு முன்னால் தள்ளி வையுங்கள். அப்போதுதான் அதன் நிழல் பின்னால் உள்ள தாளில் விழாது. நிற்காமல் சாய்ந்தால், பின்னால் தெரியாத இடத்தில் ஒரு சிறு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். அடைத்த தூளைத் தட்டி, அடியில் சமமாக இறக்கி, முன்பக்கச் சுருக்கத்தைத் துணியால் நீவிவிடுங்கள். பளபளக்கும் பாக்கெட்டில் ஜன்னல் வெள்ளைக் கட்டமாகப் பிரதிபலிக்கும். பாக்கெட்டை விரல் அளவு இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் அந்தக் கட்டம் மறைந்துவிடும்.

மஞ்சள் தூளுக்கென்று ஒரு தனிக் கவனமும் தேவை. பாக்கெட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தூள் சார்ட்டில் உதிர்ந்தால், பொட்டுப்பொட்டாக மஞ்சள் புள்ளி விழும். கையால் தட்டினால் கோடாக இழுபடும். பாக்கெட்டை வேறு அறையில் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு கொண்டுவாருங்கள். இரண்டாவது சார்ட் எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான்.

வெள்ளைத் தாள் படத்தில் ஏன் சாம்பலாகிறது?

வெள்ளைத் தாள் வைத்துத்தான் எடுத்தோம், ஆனாலும் வெள்ளை இல்லை என்று தகவல் வருகிறதே என்று கேட்பவர்கள் பலர். செல்பேசிக் கேமரா, தன் முன்னால் இருக்கும் காட்சியின் சராசரி வெளிச்சம் நடுத்தரமான சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு ஒளியைக் கூட்டிக் குறைக்கும். வயல், மரம், மனிதர்கள் உள்ள காட்சிக்கு அது சரியாக வரும். ஆனால் முன்னால் இருப்பது பெரும்பாலும் வெள்ளைத் தாளாக இருக்கும்போது, வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். தாள் சாம்பலாகிவிடும்.

ஆகவே கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். செல்பேசியை முக்காலியிலோ, அடுக்கிய புத்தகத்தின் மேலோ பாக்கெட்டின் நடு உயரத்துக்கு வைத்து, சுமார் ஒன்றரை மீட்டர் பின்னால் தள்ளி, 2 மடங்கு ஜூம் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே போய் எடுத்தால் பாக்கெட்டின் நடுப்பகுதி புடைத்து, மேலும் கீழும் குறுகித் தெரியும். திரையில் பாக்கெட்டைத் தொட்டால் சிறிய சூரியக் குறி ஒன்று வரும். அதை மேலே இழுத்தால் படம் வெளுக்கும். தாள் பளிச்சென்று வெளுக்கும் வரை இழுத்து, பாக்கெட்டின் எழுத்து கலங்கத் தொடங்கும் முன் நிறுத்திவிடுங்கள். எழுத்து கலங்கும்வரை இழுக்க வேண்டியிருந்தால், பின்னால் உள்ள தாளுக்கு வெளிச்சம் போதவில்லை என்று பொருள். மேசையைத் திருப்பி, தாள் ஜன்னலுக்கு இன்னும் கிட்டே வரும்படி செய்யுங்கள்.

சுத்த வெள்ளை என்பதை எப்படி அளப்பது?

கணினியில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் குறிக்கப்படும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் சுத்த வெள்ளை. விதியில் கேட்பது இந்த 255, 255, 255-ஐத்தான். 245 நம் கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். ஆனால் சந்தையின் வெள்ளைப் பக்கத்தில் போட்டதும் அழுக்குக் கட்டமாகத் தெரிந்துவிடும்.

அளப்பது எளிது. இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளில் படத்தைத் திறந்து, நிறம் எடுக்கும் சொட்டுக்குழாய்க் கருவியால் ஒரு இடத்தைத் தொட்டால் மூன்று எண்ணும் தெரியும். நான்கு மூலைகளிலும், பாக்கெட்டின் அடி ஓரத்திலும் தொட்டுப் பாருங்கள். கணினி இல்லாதவர்களுக்கு ஒரு கண்பார்வைச் சோதனை உண்டு. செல்பேசித் திரையின் வெளிச்சத்தை முழுவதும் கூட்டி, வெள்ளையான வெற்றுப் பக்கத்தில் படத்தை ஒட்டிப் பாருங்கள். படத்தின் நான்கு ஓரமும் எங்கே முடிகிறது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் வெள்ளை போதவில்லை.

உங்களுக்குப் பதில் எழுதும் முன், மேலே சொன்ன முறையில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன் அல்லவா? வந்த படத்தை அளந்தேன். மேல் மூலைகள் இரண்டும் 251-க்கு மேல் இருந்தன. கீழ் இடது மூலை சிவப்பு 243, பச்சை 242, நீலம் 238. நீலம் குறைந்திருப்பதற்குக் காரணம், பாக்கெட்டின் மஞ்சள் நிறம் தாளில் பட்டுத் தெரிவதுதான். மூன்றில் குறைந்த எண்ணையே கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே அது 238.

இதைத் திருத்த GIMP-இல் Colors என்பதன் கீழ் Levels என்று இருக்கிறது. அதில் Input Levels என்ற கட்டத்தின் அடியில் மூன்று முக்கோணங்கள் தெரியும். வலது ஓரத்து முக்கோணம் 255-இல் நிற்கும். அதை 236-க்குக் கொண்டுவந்தேன். 236-உம் அதற்கு மேற்பட்டதும் எல்லாம் 255 ஆகிவிடும். கீழ் மூலையின் 238-உம் அதில் அடங்கிவிடுவதால் பின்னணி முழுவதும் சுத்த வெள்ளையாகிவிட்டது. செல்பேசியில் செய்பவர்கள் Snapseed செயலியில் Curves என்ற கருவியைத் திறந்து, கோட்டின் வலது மேல் நுனியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் இதே வேலை நடக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பின்னணி மட்டுமல்ல, பாக்கெட்டும் சேர்ந்து வெளுக்கும். 255-ஐ 236-ஆல் வகுத்தால் 1.08. அதாவது எல்லாமே சுமார் 8 சதவீதம் வெளிச்சமாகும். அது கண்ணில் படாது. ஆனால் மூலையின் எண் 200 என்று இருந்து, அதை 255-க்கு இழுத்தால் 27 சதவீதத்துக்கும் மேல் வெளுக்கும். லேபிளின் வெளிர் நிறங்கள் அழிந்துவிடும், உரிம எண்ணைப் படிக்க முடியாது. என் அனுபவத்தில், குறைந்த எண் 230-க்குக் கீழே இருந்தால் திருத்துவதில் நேரத்தைச் செலவழிக்காமல் வெளிச்சத்தைச் சரிசெய்து மறுபடி எடுப்பதே நல்லது.

பின்னணியைத் தானாக வெட்டி நீக்கும் செயலிகளும் இருக்கின்றன. பயன்படுத்தலாம், ஆனால் மூன்று இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாக்கெட்டைத் தொங்கவிட மேலே உள்ள ஓட்டைக்குள் பழைய பின்னணி அப்படியே நிற்கும். பக்கவாட்டில் கிழிப்பதற்கு விட்ட வெட்டு மழுங்கிப்போகும். தூள் தெரியும் கண்ணாடிப் பகுதி பாதி கரைந்திருக்கும். மேலும், அப்படி வெட்டிய படத்தைப் பின்னணியே இல்லாத PNG கோப்பாகச் சேமிக்காமல், வெள்ளையை நிரப்பி JPEG ஆகச் சேமியுங்கள். பின்னணி இல்லாத கோப்பு சில திரைகளில் கறுப்புப் பின்னணியோடு தெரியும்.

85 சதவீதம் என்றால் எவ்வளவு?

உங்கள் பாக்கெட் 22 செ.மீ. உயரம், 15 செ.மீ. அகலம். படம் சதுரமாக இருந்தால் நல்லது. நடைமுறையில், பொருளின் நீளமான பக்கத்தை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 22-ஐ 0.85-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26. அதாவது 26 செ.மீ. சதுரத்துக்குள் பாக்கெட் நிற்பதுபோல் வெட்ட வேண்டும். மேலே 2 செ.மீ., கீழே 2 செ.மீ. இடம் இருக்கும். பக்கங்களில் அதிக இடம் மிஞ்சும், பரவாயில்லை. பாக்கெட்டின் எந்த ஓரமும் வெட்டுப்படக்கூடாது.

பிக்சல் கணக்கில், 2000-க்கு 2000 சதுரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் உயரம் 1700 பிக்சல் அல்லது சற்று அதிகமாக இருக்க வேண்டும். அமேசானில் நீளமான பக்கம் 500 பிக்சலுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டார்கள். 1000-க்கு மேல் இருந்தால்தான் வாங்குபவர் பெரிதாக்கிப் பார்க்க முடியும். லேபிளைப் பெரிதாக்கிப் படித்துவிட்டு வாங்குபவர்கள் அதிகம் என்பதால், அந்த வசதியை விட்டுவிடாதீர்கள்.

படம் எடுத்தவர் ஒருவர், பதிவேற்றுபவர் இன்னொருவர் என்றால், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, எழுத்தின் ஓரங்களைக் கலங்கடித்துவிடும். Document என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் படம் அப்படியே போகும்.

மஞ்சளின் நிறத்தைக் கூட்டாதீர்கள்

படம் எடுத்த பிறகு, நிறத்தைக் கொஞ்சம் தூக்கலாக்கினால் பளிச்சென்று இருக்குமே என்று தோன்றும். மற்றப் பொருளுக்கு எப்படியோ, மஞ்சளுக்கு அது கெடுதல். லெட் குரோமேட், மெட்டானில் மஞ்சள் போன்ற சாயங்கள் கலந்த தூள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் என்பது இப்போது பல நுகர்வோருக்குத் தெரியும். நீங்கள் செயலியில் நிறத்தைக் கூட்டினால், விவரம் அறிந்தவர் சாயம் என்று சந்தேகப்பட்டு விலகுவார். விவரம் அறியாதவர் வாங்கிப் பிரித்துவிட்டு, படத்தில் உள்ள நிறம் இல்லையே என்று திருப்பி அனுப்புவார். பிரித்த உணவுப் பொருள் திரும்பி வந்தால் உங்களுக்கு நட்டம்தான். படத்தையும் பாக்கெட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் போதும்.

தாம்பாளமும் வெற்றிலையும் எங்கே போகும்?

வீணாகாது. விதி கண்டிப்பாக இருப்பது முதல் படத்துக்குத்தான். அதன் பின்னால் வரும் துணைப் படங்களில் வேறு பின்னணி இருக்கலாம், பயன்பாட்டைக் காட்டலாம், விளக்க எழுத்தும் இருக்கலாம். ஆனால் அங்கேயும் தள்ளுபடி, விலை, ‘பெஸ்ட் செல்லர்’ போன்ற சந்தையின் பட்டங்கள், தொலைபேசி எண் ஆகியவை வேண்டாம். ‘பெஸ்ட் செல்லர்’ பட்டத்தைச் சந்தைதான் தரும். நாமே எடுத்து ஒட்டிக்கொள்ளக்கூடாது.

என் யோசனை, மொத்தம் ஐந்து படங்கள். முதலாவது, வெள்ளைப் பின்னணியில் பாக்கெட்டின் முன்பக்கம். இரண்டாவது, அதே வெளிச்சத்தில் பின்பக்கம். மூன்றாவது, வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டித் தூள், மாவின் நயம் தெரியும்படி கிட்டத்திலிருந்து. நான்காவது, குழுவினர் மஞ்சளைக் களத்தில் காயவைக்கும் காட்சி. ஐந்தாவது, ஸ்டுடியோக்காரர் எடுத்த தாம்பாளப் படம், ஒட்டிய முத்திரைகளையும் எண்ணையும் நீக்கிய பிறகு. செலவழித்த காசும் வீண் போகாது.

அந்த இரண்டாவது படம், பின்பக்கம், முக்கியம். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் பின்னர் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 2018 ஜனவரி 1 முதல் இணையத்தில் விற்கும் பொட்டலங்களுக்கும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு முதலிய விவரங்களைத் திரையில் காட்ட வேண்டும். தயாரித்த மாதம், ஆண்டு மட்டும் திரையில் கட்டாயமில்லை. இந்த விவரங்களைப் பதிவுப் படிவத்திலும் நிரப்ப வேண்டும். பின்பக்கப் படம் தெளிவாக இருந்தால், படிவத்தில் நிரப்பியதும் பாக்கெட்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

படத்தை மாற்றிய பிறகு உடனே தேடலில் வரவில்லை என்று பதறாதீர்கள். விற்பனையாளர் பக்கத்தில் உங்கள் பொருளுக்கு எதிரே Search Suppressed என்பது போன்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதைத் திறந்தால் காரணம் தெரியும். படம் மட்டும்தானா, வேறு விவரம் ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: நான் சீரக சம்பா அரிசியை, உள்ளே இருப்பது தெரியும்படி ஒளிபுகும் பையில் 1 கிலோ பொட்டலமாக விற்கிறேன். வெள்ளைப் பின்னணியில் அரிசியும் பையும் கரைந்துபோய், லேபிள் மட்டும் அந்தரத்தில் மிதப்பதுபோல் இருக்கிறது. லேசான நீலப் பின்னணி வைக்கலாமா?
- வாசகர், ஆரணி

பதில்: முதல் படத்துக்கு நீலம் வைத்தால் நிராகரிப்பார்கள். பின்னணியை மாற்றாமல் பையின் ஓரத்தை மட்டும் கறுக்கச் செய்யலாம். இரண்டு கறுப்பு சார்ட் அட்டைகளை, பையின் இடமும் வலமும், படச் சட்டத்துக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். அந்தக் கறுப்பு பையின் பளபளப்பான ஓரங்களில் பிரதிபலித்து, மெல்லிய கருங்கோடாக விழும். பின்னணி வெள்ளையாகவே இருக்கும், பையின் உருவம் எடுப்பாகத் தெரியும். அட்டையை அங்குலம் அங்குலமாக உள்ளே நகர்த்தி, கோடு நூல் அளவில் வந்ததும் நிறுத்துங்கள். கண்ணாடிப் புட்டியில் தேங்காய் எண்ணெய் விற்பவர்களுக்கும் இதே வழிதான்.

உங்களுக்கு வெளிச்சத்தைக் கூட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். அரிசியின் நிறம் ஏற்கெனவே வெள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதால், Levels-இல் கொஞ்சம் அதிகமாக இழுத்தாலும் அரிசிமணிகள் ஒன்றோடொன்று கலந்து மாவுபோல் ஆகிவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது சீரக சம்பாவின் சிறுத்த மணி ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிய வேண்டும். உங்கள் அரிசிக்கு விலை கிடைப்பதே அந்த மணியின் உருவத்தால்தான். பின்னணியை வெளுக்க மணியை அழிக்க வேண்டிவந்தால், பின்னணித் தாளை ஜன்னலுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோய், பையைச் சற்று விலக்கி வைத்து மறுபடி எடுங்கள்.